நோன்பு மாதத்தில் ஷிப்டு நேரத்தை மாற்றித் தரும்படி நிர்வாகத்திடம் கேட்பது எப்படி: மூன்று ஷிப்டு ஆலையில் வேலை செய்வோருக்கான முழுமையான வழிகாட்டி

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் வாகன உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் நான் பல ஆண்டுகள் ஷிப்டு அட்டவணை போடும் வேலையில் இருந்தேன். ரமலான் நெருங்கும்போது என் மேசைக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வரியில்தான் இருக்கும்: "நோன்பு மாதம் என்பதால் எனக்கு ஷிப்டு மாற்றித் தர வேண்டுகிறேன்." எந்த ஷிப்டிலிருந்து எந்த ஷிப்டுக்கு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, அந்த எந்திரத்தில் அவருக்குப் பதிலாக யார் நிற்பது என்ற எதுவும் அதில் இருக்காது. மறுக்க வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் இல்லாவிட்டாலும் அப்படிப்பட்ட கடிதம் லைன் இன்சார்ஜின் கோப்பிலேயே தங்கிவிடும், நோன்பும் பாதி முடிந்துவிடும். அட்டவணை போடுகிறவர் உடனே கையெழுத்திடக்கூடிய ஒரு கோரிக்கையை எப்படித் தயாரிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உங்களுக்கு எது இடிக்கிறது என்று முதலில் கணக்கிடுங்கள்

சென்னையைச் சுற்றிய பகுதியில் பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும் நோன்பு திறக்கும் நேரம் மாலை 6.15க்கும் 6.20க்கும் இடையே வரும். ஸஹர் உணவை முடிக்க வேண்டிய நேரம் காலை 5 மணியை ஒட்டி அமையும். உங்கள் பள்ளிவாசலில் தரும் நேர அட்டையில் நாள்வாரியாக, நிமிடக் கணக்கில் அது இருக்கும். அந்த அட்டையை உங்கள் ஆலையின் மூன்று ஷிப்டுகளின் அருகே வைத்துப் பாருங்கள். முதல் ஷிப்டு காலை 6 முதல் பிற்பகல் 2 வரை, இரண்டாம் ஷிப்டு 2 முதல் இரவு 10 வரை, இரவு ஷிப்டு 10 முதல் காலை 6 வரை என்று வைத்துக்கொள்வோம்.

முதல் ஷிப்டில் நோன்பு திறப்பும் தராவீஹ் தொழுகையும் வீட்டுப் பக்கத்திலேயே நடந்துவிடும். இடிப்பது காலைப் பொழுதுதான். கம்பெனிப் பேருந்து நாலரை மணிக்கே வருமானால் ஸஹரை நான்கு மணிக்குள் முடிக்க வேண்டியிருக்கும், ஃபஜ்ர் தொழுகைக்கான நேரமும் பயணத்தின்போதே வந்துவிடும். இரவு ஷிப்டில் நோன்பை வீட்டிலேயே திறக்கலாம், ஆனால் ஒன்பது மணிப் பேருந்தைப் பிடிக்கத் தராவீஹைப் பாதியில் விட்டு வர வேண்டும், ஸஹரும் ஆலைக்குள்தான். மூன்றிலும் கடினமானது இரண்டாம் ஷிப்டு. பதினொரு மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் இல்லாமல் இருந்த உடம்பு மிகவும் தளர்ந்திருக்கும் நான்கு மணி முதல் ஆறு மணி வரையிலான பொழுதில் எந்திரத்தின் முன் நிற்க வேண்டும், நோன்பு திறக்கும் நேரம் ஷிப்டின் நடுவில் வரும், தராவீஹ் முழுவதுமாகப் போய்விடும்.

ஆகவே மாதம் முழுவதும் பகல் ஷிப்டு வேண்டும் என்று கேட்பதற்குப் பதிலாக, உங்கள் சுழற்சியில் நோன்பு மாதத்துக்குள் எத்தனை இரண்டாம் ஷிப்டு வாரங்கள் விழுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். வாரச் சுழற்சி உள்ள ஆலையில் அது ஒரு வாரமாகவோ இரண்டு வாரமாகவோ மட்டுமே இருக்கும். நான்கு வாரத்தை மாற்று என்று கேட்பவரைவிட, இரண்டே வாரத்தை மாற்று என்று கேட்பவருக்குச் சம்மதம் கிடைப்பது எளிது.

சட்டம் எதைத் தருகிறது, எதைத் தடுக்கிறது

தனியார் ஆலையில் நோன்புக்காக வேலை நேரத்தை மாற்றித் தர வேண்டும் என்று நம் நாட்டில் பொதுவான சட்டக் கட்டாயம் இல்லை. தெலங்கானா அரசு 2025 ரமலானில் தன் முஸ்லிம் ஊழியர்கள் மாலை 4 மணிக்கே அலுவலகத்தை விட்டுச் செல்ல அனுமதித்தது. அது அரசு தன் ஊழியர்களுக்கு வழங்கிய சலுகை, தனியார் ஆலைகளைக் கட்டுப்படுத்தாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் ரமலானின்போது அன்றாட வேலை நேரத்தில் இரண்டு மணி நேரத்தைக் குறைப்பது சட்டமாகவே உள்ளது. அங்கே வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் இங்கும் அதை எதிர்பார்த்து ஏமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். அரசியலமைப்பின் 25ஆம் பிரிவைக் கடிதத்தில் மேற்கோள் காட்டுவதாலும் பயன் இல்லை. அது முதன்மையாக அரசை நோக்கிப் பேசுவது. அதைப் பார்த்ததும் கடிதத்தை மனிதவளப் பிரிவு சட்ட ஆலோசகருக்கு அனுப்பிவிடும், அங்கிருந்து பதில் வருவதற்குள் பெருநாள் வந்துவிடும்.

சட்டம் தடுப்பதை அறிந்துகொள்வதுதான் கூடுதல் பயன் தரும். பலர் நல்லெண்ணத்தோடு இப்படிக் கேட்பார்கள்: "நான்தான் சாப்பிடுவதில்லையே, என் சாப்பாட்டு இடைவேளையை எடுத்துவிட்டு அரை மணி நேரம் முன்னதாக அனுப்பிவிடுங்கள்." இதை நிர்வாகம் மறுப்பதற்குப் பிடிவாதம் காரணமல்ல. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 55ஆம் பிரிவு, குறைந்தது அரை மணி ஓய்வு தராமல் ஒரு தொழிலாளியை ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது என்றது. நீங்களே விட்டுக்கொடுத்தாலும் அந்த ஓய்வை நிர்வாகத்தால் நீக்க முடியாது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டதால், இப்போது உங்கள் ஆலைக்குப் பொருந்தும் இடைவேளை விதியை வாயிலருகே ஒட்டியிருக்கும் வேலை நேர அறிவிப்பிலும் டைம் ஆபீசிலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஐந்து மணிக் கணக்கை வைத்தே எந்தக் கோரிக்கை நிற்கும், எது விழும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். இரண்டாம் ஷிப்டில் வேலை 2 மணிக்குத் தொடங்குவதால், அரை மணி இடைவேளையை மாலை 4.30க்கும் இரவு 7 மணிக்கும் இடையே எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். வழக்கமாக ஆறரைக்கு விடும் இடைவேளையை 6.15க்கு முன்னே நகர்த்துவதில் எந்தச் சிக்கலும் இல்லை. இரவு ஷிப்டில் நிலைமை வேறு. வேலை 10 மணிக்குத் தொடங்குவதால் இடைவேளை அதிகாலை 3 மணிக்குள் தொடங்கியாக வேண்டும். ஸஹருக்கு வசதியாக அதை நாலேகாலுக்குத் தள்ளும்படி கேட்டால் அது நிற்காது. அங்கே கேட்க வேண்டியது, அரை மணி இடைவேளை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், நான்கரை மணித் தேநீர் இடைவேளையை ஸஹருக்குப் பயன்படுத்திக்கொள்கிறேன், அந்த நேரத்தில் கேண்டீனில் சூடான உணவு கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள் என்பதுதான்.

பொது ஷிப்டில் இருப்பவர்களுக்கும் இதே கணக்கு உதவும். காலை 8.30 முதல் மாலை 5.15 வரை, நடுவில் முக்கால் மணி உணவு இடைவேளை என்றால் வேலை நேரம் எட்டு மணி. 8 மணிக்கு வந்து, இடைவேளையை 12.30 முதல் 1 மணி வரை அரை மணியாக்கி, 4.30க்குப் புறப்பட்டாலும் வேலை நேரம் அதே எட்டு மணிதான். லுஹர் தொழுகையும் அந்த இடைவேளைக்குள் அடங்கிவிடும்.

பிறையை நம்பிய தேதியும் அட்டவணையின் தேதியும்

ரமலான் எந்த நாளில் தொடங்கும் என்பது முந்தைய மாலை பிறை தெரிவதைப் பொறுத்தது. மாதம் 29 நாளா 30 நாளா என்பதும் அப்படியே. ஷிப்டு அட்டவணையோ வாரக்கணக்கில் முன்கூட்டியே அச்சாகிவிடும். "பிறை பார்த்தபின் சொல்கிறேன்" என்று காத்திருப்பவர் பெரும்பாலும் ஒரு வாரத்தை இழந்துவிடுவார். மாதத் தொடக்கத்தைச் சொல்லாமல், அதை ஒட்டிய திங்கட்கிழமைகளையும் சனிக்கிழமைகளையும் சொல்லிக் கேளுங்கள். பெருநாள் விடுப்பு ஒரு நாள் முன்பின் ஆகலாம் என்பதால் அதைத் தனி விண்ணப்பமாகக் கொடுங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் சேர்த்தால் விடுப்பை முடிவு செய்யும்வரை ஷிப்டு மாற்றமும் கிடப்பில் இருக்கும்.

கடிதத்தைக் கொடுக்க, மாதம் தொடங்க நான்கு வாரம் இருக்கும்போதே போவது நல்லது. ஏனெனில் அடுத்த மாத அட்டவணைக்கான வேலை முந்தைய மாதத்தின் மூன்றாம் வாரத்திலேயே தொடங்கிவிடும். அச்சாகி ஒட்டியபின் மாற்றுவதென்றால் பேருந்து இருக்கை, கேண்டீன் எண்ணிக்கை என்று ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும்.

ஒரு மாற்றம் நடந்த விதம்

2025இல் நோன்பு மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. மார்ச் 31 திங்கள் பெருநாள். எங்கள் ஆலையில் ஒரே சிஎன்சி எந்திரத்தை மூன்று ஆபரேட்டர்கள் வாரச் சுழற்சியில் இயக்கினார்கள். ஞாயிறு விடுமுறை. நோன்பிருப்பவருக்கு அந்த நான்கு வாரமும் இரண்டாம் ஷிப்டு, இரவு, முதல், இரண்டாம் ஷிப்டு என்ற வரிசையில் விழுந்தன. அவருடைய கூட்டாளி ஒருவருக்கு முதல், இரண்டாம், இரவு, முதல் என்று விழுந்தன. அதாவது, இவருக்கு இரண்டாம் ஷிப்டு வரும் இரண்டு வாரங்களிலும் கூட்டாளிக்கு முதல் ஷிப்டு. அந்த இரண்டு வாரங்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

| வாரம் | நோன்பிருப்பவர் (மாற்றியபின்) | கூட்டாளி (மாற்றியபின்) |
|---|---|---|
| மார்ச் 3–8 | முதல் | இரண்டாம் |
| மார்ச் 10–15 | இரவு (மாற்றமில்லை) | இரண்டாம் (மாற்றமில்லை) |
| மார்ச் 17–22 | முதல் (மாற்றமில்லை) | இரவு (மாற்றமில்லை) |
| மார்ச் 24–29 | முதல் | இரண்டாம் |

இதில் கூட்டாளிக்கும் ஒரு நன்மை ஒளிந்திருந்தது. வழக்கமான அட்டவணைப்படி, மூன்றாம் வாரத்தின் இரவு ஷிப்டு ஞாயிறு காலை 6 மணிக்கு முடிந்தபின் அவர் திங்கள் காலை 6 மணிக்கே வர வேண்டும். ஓய்வு வெறும் 24 மணி நேரம். மாற்றியபின் அவர் திங்கள் பிற்பகல் 2 மணிக்கு வந்தால் போதும் என்பதால் ஓய்வு 32 மணி நேரமானது. இதை எடுத்துச் சொன்ன பிறகுதான் அவர் சம்மதித்தார். அடுத்தடுத்து இரண்டு வாரம் இரண்டாம் ஷிப்டு வருவதையும் அவரிடம் மறைக்கவில்லை.

கைம்மாறு என்ன என்பதை அவரே சொன்னார். ஏப்ரல் 11 வெள்ளிக்கிழமை பங்குனி உத்திரம். தன் ஊர் முருகன் கோயிலில் காவடி எடுப்பதாக அவர் வேண்டியிருந்தார். சுழற்சிப்படி அந்த வாரம் அவருக்கு இரவு ஷிப்டு, நோன்பு முடித்தவருக்கு முதல் ஷிப்டு. இருவரும் அந்த வாரத்தையும் மாற்றிக்கொண்டால், காவடிக்காரர் பிற்பகல் 2 மணிக்கு வேலையை முடித்துவிட்டு இரவில் தூங்கி விரதத்தைக் காப்பார், உத்திரத்தன்று மட்டும் விடுப்பு எடுப்பார் என்று முடிவாயிற்று. நோன்பு முடித்தவருக்கு இதனால் தொடர்ந்து இரண்டு வாரம் இரவு ஷிப்டு. அதற்கும் அவர் ஒப்புக்கொண்டார்.

கடிதம்

யாரிடம் கொடுப்பது என்பதில் ஒரு சொல். நிரந்தரத் தொழிலாளி என்றால் லைன் இன்சார்ஜ் வழியாக மனிதவளப் பிரிவுக்கு. ஒப்பந்தத் தொழிலாளி என்றால் உங்கள் பெயர் ஒப்பந்ததாரரின் பதிவேட்டில் இருப்பதால் முதல் பிரதி அவருக்கும் இரண்டாம் பிரதி லைன் இன்சார்ஜுக்கும் போக வேண்டும். இன்சார்ஜிடம் வாயால் முதலில் சொல்லிவிடுங்கள். தன் லைனில் நடப்பதை மனிதவளப் பிரிவு வழியாகக் கேள்விப்படுவதை எந்த இன்சார்ஜும் விரும்புவதில்லை.

அந்த ஆபரேட்டரின் கடிதம் ஏறத்தாழ இப்படி இருந்தது:

> மதிப்பிற்குரிய ஐயா,
> வணக்கம். ரமலான் நோன்பை முன்னிட்டு, மார்ச் 3 முதல் 8 வரையும் மார்ச் 24 முதல் 29 வரையும் எனக்கு வரும் இரண்டாம் ஷிப்டுக்குப் பதிலாக முதல் ஷிப்டு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இதே எந்திரத்தில் பணிபுரியும் என் சக ஆபரேட்டர் அந்த இரு வாரங்களிலும் இரண்டாம் ஷிப்டில் பணியாற்றச் சம்மதித்துக் கீழே கையொப்பமிட்டுள்ளார். இதற்கு ஈடாக, ஏப்ரல் 7 முதல் 12 வரை அவருக்கு வரும் இரவு ஷிப்டில் நானும் எனக்கு வரும் முதல் ஷிப்டில் அவரும் பணியாற்றுவோம். இதனால் மிகுநேர வேலையோ கூடுதல் ஆளோ தேவைப்படாது. ஷிப்டு அலவன்ஸை உண்மையில் பணியாற்றும் ஷிப்டின்படி கணக்கிட இருவரும் சம்மதிக்கிறோம். ஏப்ரல் 14 முதல் இருவரும் வழக்கமான சுழற்சிக்குத் திரும்புவோம். அட்டவணையில் திருத்தம் செய்து தெரிவிக்க வேண்டுகிறேன்.

இந்தக் கடிதத்தில் நோன்பின் சிறப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். கையெழுத்திடுபவருக்கு எழக்கூடிய ஆள், செலவு, முடிவுத் தேதி என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இருக்கிறது. அலவன்ஸ் பற்றிய வரியை நான்தான் சேர்க்கச் சொன்னேன். இரண்டாம் ஷிப்டுக்குத் தரும் தொகை அந்த இரு வாரங்களுக்கும் கூட்டாளிக்குப் போகும். அதை முன்பே எழுதிவைக்காவிட்டால் சம்பளச் சீட்டு வரும் நாளில் மனத்தாங்கல் வரும்.

வாய்மொழி மாற்றம் எங்கே கெடுகிறது

"இன்சார்ஜ் சரியென்று சொல்லிவிட்டார்" என்பதோடு நின்றுவிடுபவர்கள்தான் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். வருகைப் பதிவு மென்பொருளில் உங்களுக்கு இரண்டாம் ஷிப்டு என்றே இருக்க, நீங்கள் காலை ஐந்தே முக்காலுக்குப் பஞ்ச் வைத்தால், அது அந்த நாளை வராத நாளாகவோ அரை நாளாகவோ காட்டும். மாதக் கடைசியில் பணம் பிடித்தபிறகுதான் தெரியவரும். இதைவிடப் பெரிய ஆபத்து விபத்தில் இருக்கிறது. பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லாத ஷிப்டில் கை அடிபட்டால், நீங்கள் அப்போது பணியில்தான் இருந்தீர்கள் என்பதை இ.எஸ்.ஐ. விபத்து அறிக்கையில் விளக்க வேண்டிய நிலை வரும். ஆகவே மாறிய ஷிப்டின் முதல் நாளுக்கு முன்பே, டைம் ஆபீசில் திருத்திய அட்டவணையைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். இரண்டாம் நாள் உங்கள் பஞ்ச் முழு நாளாக விழுந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். கம்பெனிப் பேருந்து ஒருங்கிணைப்பாளரிடமும் சொல்லுங்கள், இல்லையென்றால் அதிகாலையில் உங்கள் நிறுத்தத்தில் வண்டி நிற்காது.

மறுத்தால்

மூன்று ஆபரேட்டர்களும் நோன்பிருப்பவர்கள் என்றாலோ அந்த எந்திரத்துக்குப் பயிற்சி பெற்ற வேறு ஆள் இல்லை என்றாலோ ஷிப்டு மாற்றம் உண்மையாகவே முடியாமல் போகலாம். அப்போது கோரிக்கையைக் கைவிடாமல், இரண்டாம் நிலைக் கோரிக்கைக்கு இறங்குங்கள். இரண்டாம் ஷிப்டின் அரை மணி இடைவேளையை 6.15 முதல் 6.45 வரை வைக்கவும், அந்த நேரத்தில் எந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ரிலீவரை நிறுத்தவும் கேளுங்கள். பேரீச்சம்பழமும் தண்ணீரும் நீங்களே கொண்டுவரலாம். அருகிலுள்ள பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சியை ஆறு மணிக்குள் வாயிலில் வாங்கி உள்ளே அனுப்பப் பாதுகாப்புப் பிரிவின் அனுமதி வேண்டும், அதையும் கடிதத்திலேயே சேருங்கள். ஓரிரு நிமிடத் தாமதத்தால் மனம் நோகாமல் இருக்க, இடைவேளைத் தொடக்கத்தை நேர அட்டையில் உள்ள நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாக வைத்துக்கொள்வது நல்லது.

உலை, உயரம், கிரேன் போன்ற இடங்களில் வேலை செய்பவர்கள் ஷிப்டு மாறாவிட்டால், மாலை நான்கு மணிக்குப் பிறகு அந்த வேலையிலிருந்து ஆய்வு அல்லது அடுக்கும் வேலைக்குத் தற்காலிகமாக மாற்றக் கேட்கலாம். பாதுகாப்பு அதிகாரி அந்தக் கோரிக்கையை ஆதரிப்பார், ஏனென்றால் அது அவருடைய பொறுப்பும்கூட. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கடிதம் எழுதுவதற்கு முன் மருத்துவரிடம் மருந்து நேரத்தைப் பேசிக்கொள்ள வேண்டும். மாத்திரையின் நேரம் மாறினால் நீங்கள் கேட்க வேண்டிய ஷிப்டே மாறக்கூடும்.

ஐயப்பனுக்கு மாலை போட்டு 41 நாள் விரதம் இருப்பவர்களுக்கும் ஷிப்டைப் பொறுத்தவரை இதே வழி பொருந்தும்; அவர்கள் காக்க வேண்டியது அதிகாலைக் குளியலும் மாலைப் பூசையும். ஆனால் வெறுங்காலுடன் இருக்கும் நியமத்தை உற்பத்திக் கூடத்துக்குள் எந்த நிர்வாகமும் அனுமதிக்க முடியாது. பாதுகாப்புக் காலணி பற்றிய பேச்சை ஷிப்டுக் கடிதத்துக்குள் கொண்டுவந்தால் இரண்டும் கெடும்.

எங்கள் ஆபரேட்டர் மார்ச் மாதச் சம்பளச் சீட்டு வந்ததும் டைம் ஆபீசுக்கு வந்தார். மார்ச் 3ஆம் தேதி மட்டும் அரை நாளாக விழுந்திருந்தது. அன்று காலை திருத்தம் மென்பொருளில் ஏறுவதற்குள் அவர் பஞ்ச் வைத்துவிட்டார். கையெழுத்தான கடிதத்தின் பிரதி அவர் பையில் இருந்ததால், பத்து நிமிடத்தில் அது முழு நாளாயிற்று. அதே பிரதியின் பின்பக்கத்தில், அடுத்த ரமலான் 2026 பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் தொடங்கும், ஜனவரி நடுவில் கடிதம் கொடுக்க வேண்டும் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு போனார்.